கன்சோலைத் தொட்டா சுர்ருன்னுச்சு, பாதி காரணம் அடுப்படில இருந்துச்சு

மதுரைல நாங்க இருக்கறது ஒரு பழைய வீட்டோட மாடி போர்ஷன். கீழ்வீடு கட்டி ரொம்ப வருஷம் கழிச்சு மேல எடுத்து கட்டுனது. ஹால்ல ஒரு மேஜை, அதுல என்னோட டெஸ்க்டாப், மானிட்டர், பக்கத்துல அக்கா பையன் லீவுக்கு வந்தா விளையாடுற கேம் கன்சோல், எல்லாமே ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல. கன்சோலும் கம்ப்யூட்டரும் ஒரே மானிட்டர்ல எச்டிஎம்ஐ கேபிள் வழியா மாட்டியிருக்கும்.

போன லீவுல அவன் தான் முதல்ல சொன்னான், "மாமா, இதோட பின்னாடி இரும்புல கை பட்டா என்னமோ ஓடுது மாமா"ன்னு. நான் நல்லா அழுத்தி தொட்டு பார்த்தேன், ஒண்ணுமே தெரியல. அப்புறம் செருப்பை கழட்டிட்டு, விரலோட பின்பக்கத்தை யுஎஸ்பி துளை ஓரத்துல இருக்கற உலோகத்துல மெல்லமா உரசுனேன், அப்ப தெரிஞ்சுது. ஷாக் மாதிரி இல்ல, வழவழப்பான தகடு திடீர்னு சொரசொரப்பா ஆனா மாதிரி, தகடே நடுங்குற மாதிரி ஒரு விறுவிறுப்பு. ஸ்விட்சை அணைச்சா அதே தகடு மறுபடி வழவழன்னு இருக்கு. இதை நீங்களும் கவனிச்சிருப்பீங்க, அழுத்தி பிடிச்சா தெரியாது, லேசா உரசினா தான் தெரியும், முழங்கை உள்பக்கம் மாதிரி மெல்லிசு தோல் பட்டா சுருக்குன்னு தெரியும். வீடு துடைச்சு ஈரத்தரைல வெறுங்காலோட நின்னா இன்னும் நல்லாவே தெரியும்.

இதுவரைக்கும் இது ரொம்ப பேர் வீட்டுல நடக்கற விஷயம் தான், ஆனா அவன் அடுத்து சொன்ன ஒரு வார்த்தை தான் என்னை உக்கார வெச்சுது. "எப்பவும் இல்ல மாமா, சாயங்காலம் தான் நல்லா கடிக்குது." ஒரு மெஷினுக்கு சாயங்காலம்னு தெரியாது இல்லையா, அப்ப வீட்டுல சாயங்காலம் வேற ஏதோ ஓடுதுன்னு அர்த்தம். அதை அன்னைக்கே நான் சரியா யோசிக்கல, மீட்டர் எடுத்தப்புறம் தான் புரிஞ்சுது.

முதல்ல இந்த விறுவிறுப்பு எங்கிருந்து வருதுன்னு சொல்லிடறேன். கம்ப்யூட்டர், மானிட்டர், கன்சோல் எல்லாத்துக்குள்ளயும் இருக்கற பவர் சப்ளை ரொம்ப வேகமா ஸ்விட்ச் ஆகி வேலை செய்யுது, அதுல கிளம்பற மின் இரைச்சலை அடக்க சின்னச்சின்ன கெப்பாசிட்டர் போடறாங்க, ஒய் கெப்பாசிட்டர்னு பேரு. மூணு பின் இருக்கற கம்ப்யூட்டர்ல ஒண்ணு ஃபேஸ்ல இருந்து பாடிக்கு, இன்னொன்னு நியூட்ரல்ல இருந்து பாடிக்கு. எர்த் இருந்தா அதுல கசியற துளி கரண்ட் எர்த் வழியா போயிடும், நமக்கு தெரியவே தெரியாது. எர்த் இல்லன்னா பாடி ரெண்டு கெப்பாசிட்டருக்கும் நடுவுல தொங்கும், 230 வோல்ட்ல பாதி, சுமார் 115 வோல்ட்ல நிக்கும். கன்சோல்ல நிறைய மாடலுக்கு எட்டு வடிவ ரெண்டு பின் வயர் தான், எர்த்தே கிடையாது (முதல்ல வந்த பிளேஸ்டேஷன் 4க்கு அப்படித்தான்), அதுலயும் ஒரு கெப்பாசிட்டர் வழியா கொஞ்சம் கசியும், ஆனா எர்த் இல்லாம பயன்படுத்தறதுக்குன்னே செஞ்சதால அளவு ரொம்ப கம்மியா வெச்சிருப்பாங்க.

இதுல முக்கியமான விஷயம், எச்டிஎம்ஐ கேபிளோட ரெண்டு முனையிலயும் இருக்கற அந்த உலோக மூடி, உள்ள இருக்கற ஷீல்டு வழியா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கு. அதனால கம்ப்யூட்டர் பாடி, மானிட்டர் பாடி, கன்சோல் பாடி எல்லாம் மின்சாரத்தோட கண்ணுக்கு ஒரே தகடு தான். கன்சோல்ல கை வெச்சு சுர்ருன்னா கன்சோல் மேல தான் தப்புன்னு நினைக்கறோம், உண்மையில அது கம்ப்யூட்டரோட கசிவா இருக்கலாம், இல்ல அதுக்கும் அப்பால எங்கிருந்தோ வரலாம்.

சரி, எர்த் இருக்கான்னு பார்க்கணும். நம்ம ஊரு மூணு ஓட்டை சாக்கெட்ல மேல இருக்கற பெரிய ஓட்டை எர்த், நேரா நின்னு பார்த்தா வலது ஃபேஸ், இடது நியூட்ரல். மீட்டரை ஏசி வோல்ட் 600ல வெச்சு, சிவப்பு வயர் வோல்ட் துளைல தான் இருக்கு, 10 ஆம்பியர் துளைல இல்லன்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, செருப்பு போட்டுக்கிட்டு, புரோபோட உலோக முனைல விரல் படாம பிடிச்சு அளந்தேன். இது எனக்கு பழக்கம்கறதால செஞ்சேன். உயிரோட இருக்கற சாக்கெட்ல புரோப் விட்டு பழக்கமில்லாதவங்க இதை எலக்ட்ரீசியனை விட்டு செய்ய சொல்லுங்க, இல்லன்னா மூணு விளக்கு இருக்கற சாக்கெட் டெஸ்டர் கிடைக்குது, பிளக் மாதிரி சொருகினா எர்த் வயர் விட்டுப்போயிருந்தா காட்டிடும். ஆனா அந்த எர்த் நல்ல எர்த்தா, சும்மா பேருக்கு இருக்கற எர்த்தான்னு அது சொல்லாது.

ஃபேஸ் நியூட்ரல் 231. ஃபேஸ் எர்த் 119. நியூட்ரல் எர்த் 108. எர்த் சரியா இருந்தா ஃபேஸ் எர்த்ங்கறது ஃபேஸ் நியூட்ரலுக்கு கிட்டத்தட்ட அதே அளவு வரணும், நியூட்ரல் எர்த் ஒண்ணு ரெண்டு வோல்ட்ல நிக்கணும். ரெண்டும் பாதி பாதியா வந்தா எர்த் வயர் எங்கேயோ அறுந்து தொங்குதுன்னு அர்த்தம். எங்க மாடில எல்லா சாக்கெட்லயும் இதே கதை தான். கீழ் வீட்டு ஓனர் ஐயாகிட்ட கேட்டு அவர் ஹால் சாக்கெட்ல அளந்தேன், ஃபேஸ் எர்த் 229, நியூட்ரல் எர்த் 1.4. கீழ நல்லா இருக்கு, மேல இல்ல.

அடுத்து தான் நிறைய பேர் ஏமாந்து போற இடம். பாடில எவ்வளவு வோல்ட் இருக்குன்னு அளந்து 109ன்னு வந்தா பயந்துடுவாங்க, இல்ல யாராவது "அதெல்லாம் சும்மா வோல்டேஜ், கரண்ட் கிடையாது"ன்னு சொன்னா நிம்மதி ஆயிடுவாங்க. ரெண்டுமே தப்பு. டிஜிட்டல் மீட்டர் உள்ள 10 மெகா ஓம் மாதிரி பெரிய ரெசிஸ்டன்ஸ், கரண்டை கிட்டத்தட்ட இழுக்கவே இழுக்காது, அதனால ஆபத்தில்லாத கசிவும் 109 காட்டும், கெட்டுப்போன இன்சுலேஷனும் நூத்துக்கு மேல காட்டும். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர்ல இருக்கற சின்ன பல்பும் அப்படித்தான், ரெண்டுக்கும் எரியும். வோல்டேஜை விட்டுட்டு எவ்வளவு கரண்ட் வரும்னு பார்க்கணும்.

அதுக்கு நான் செஞ்சது, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு, பழுப்பு கருப்பு மஞ்சள் பட்டை இருக்கும், 2 வாட் அளவு வாங்குனேன், எலக்ட்ரானிக்ஸ் கடைல சில ரூபா தான். சின்ன கால் வாட் ரெசிஸ்டர் வேணாம், உண்மையிலயே பாடில முழு 230 வந்துட்டா அதுல அரை வாட்டுக்கு மேல சூடு வரும், கருகிடும். அதை மீட்டரோட ரெண்டு வயருக்கு குறுக்க வேணும்போது மாட்டவும் கழட்டவும் வர்ற மாதிரி கிளிப்போட சால்டர் பண்ணி, மேல ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு மூடினேன். ரெசிஸ்டர் இருக்கும்போது மீட்டர் எத்தனை வோல்ட் காட்டுதோ அதை 100ஆல வகுத்தா மில்லிஆம்பியர்.

எர்த்துக்கு, கீழ் வீட்டு ஹால் சாக்கெட்ல இருந்தே ஒரு பச்சை வயர் மேல கொண்டுவந்தேன். ஒரு மூணு பின் டாப்ல எர்த் பின்னுக்கு மட்டும் வயர், மத்த ரெண்டு பின்னுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல, வெறுமனே பிளாஸ்டிக் பிடிமானத்துக்கு தான். அந்த சாக்கெட்ல எர்த் நல்லா இருக்குன்னு முன்னாடியே அளந்து உறுதி பண்ணதால தான் இதை செஞ்சேன், அளக்காத சாக்கெட்ல செய்யாதீங்க. தண்ணி பைப்பை எர்த்தா பிடிக்கிறதும் வேணாம், இப்ப பாதி பைப் பிளாஸ்டிக், மீதி எங்க போய் எதோட சேருதுன்னு யாருக்கும் தெரியாது, கசிவு குளியலறைக் குழாய்ல போய் நிக்கும்.

வரிசை எப்பவும் இது தான்: எல்லா பிளக்கையும் கழட்டு, அலிகேட்டர் கிளிப்பை பாடில மாட்டு, இன்னொரு முனையை பச்சை வயர்ல மாட்டு, கையை எடு, அப்புறம் ஸ்விட்ச் போடு, பார்த்துட்டு அணைச்சு பிளக்கை கழட்டினப்புறம் தான் கிளிப்பை தொடு.

கன்சோல் மட்டும் தனியா, எந்த கேபிளும் இல்லாம: ரெசிஸ்டர் இல்லாம 104 வோல்ட், ரெசிஸ்டரோட 7 வோல்ட். அதாவது 0.07 மில்லிஆம்பியர். மனுஷனுக்கு தெரிய ஆரம்பிக்கறது பொதுவா அரை மில்லிஆம்பியர் பக்கம்னு சொல்லுவாங்க, மெல்லிசு தோல்ல லேசா உரசினா அதுக்கும் கீழயே தெரியும். ஆக கன்சோல் நல்லா இருக்கு, அது மேல பழி போட வேணாம்.

மானிட்டர், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் பழைய மாதிரி மாட்டினப்புறம் அதே கன்சோல் பாடில: ரெசிஸ்டர் இல்லாம 109, ரெசிஸ்டரோட 48. இதை பாருங்க, வோல்ட் 104ல இருந்து 109 ஆச்சு, அவ்வளவு தான் வித்தியாசம், ஆனா கரண்ட் 0.07ல இருந்து 0.48க்கு போயிடுச்சு, ஏழு மடங்கு. எல்லா மெஷினோட கெப்பாசிட்டரும் எச்டிஎம்ஐ வழியா ஒண்ணா கூடி கன்சோல் தகட்டுல நிக்குது. உடம்போட ரெசிஸ்டன்ஸ் 100 கிலோ ஓமை விட ரொம்ப கம்மி, அதனால கைல வர்றது இதை விட கொஞ்சம் கூட, கணக்கு போட்டா 0.53 வருது. நான் உரசி பார்த்து உணர்ந்தது அது தான். ரெசிஸ்டர் போட்டதும் வோல்ட் நல்லா விழுதுன்னா பெரும்பாலும் இந்த கெப்பாசிட்டர் கசிவு. ரெசிஸ்டர் போட்டும் விழாம 220 பக்கமே நின்னா அது ஃபேஸ் நேரா பாடில ஒட்டிக்கிட்டிருக்கு, அந்த மெஷினை பிளக்ல இருந்து பிடுங்கி ஓரமா வைங்க, அதுக்கு மேல அளக்க ஒண்ணுமில்ல.

இதோட முடிஞ்சுதுன்னு தான் நினைச்சேன். எல்லாத்தையும் அப்படியே மாட்டி வெச்சு, பையனை பக்கத்துல விடாம, இன்னொரு தடவை உறுதிக்கு பார்த்துட்டிருக்கேன், 109ல நின்ன மீட்டர் திடீர்னு 183க்கு ஏறிடுச்சு. நான் எதையும் தொடல. கிச்சன்ல இருந்து கிரைண்டர் சத்தம். அம்மா மாவாட்ட ஆரம்பிச்சிருக்காங்க. சாயங்காலம்.

வெறும் கெப்பாசிட்டர் கசிவுன்னா 115க்கு மேல பெருசா போக வழியே இல்ல, ஏன்னா அது நடுவுல தொங்குற வோல்டேஜ். 183ன்னா ஃபேஸ் பக்கத்துல இருந்து யாரோ இழுக்கறாங்க. ரெசிஸ்டரை போட்டு பார்த்தேன், 81 வோல்ட், 0.81 மில்லிஆம்பியர், கைல பட்டா அதுக்கும் கூட, 1.2 மேல வரும். "அம்மா கிரைண்டரை விட்டு கையை எடுத்துட்டு தள்ளி நில்லுங்க"ன்னு கத்திட்டு ஓடி, மெயினை அணைச்சேன். அப்புறம் தான் பிளக்கை பிடுங்கினேன்.

அம்மாகிட்ட கேட்டேன், கிரைண்டர்ல கை வெச்சா எப்பவாவது தெரியுமான்னு. "ஈரக்கையோட பட்டா கொஞ்சம் ஜிவ்வுங்கும், பழசு தானேன்னு விட்டுட்டேன்"னாங்க. அவங்க எப்பவும் கிரைண்டர் முன்னாடி ஒரு ரப்பர் மேட் போட்டு நிப்பாங்க, கால் வலிக்காம இருக்கறதுக்காக. அந்த மேட் தான் இத்தனை நாள் காப்பாத்தியிருக்கு. இதை எழுதும்போதும் எனக்கு கை நடுங்குது.

ஹால்ல இருக்கற கன்சோலுக்கும் கிச்சன் கிரைண்டருக்கும் என்ன சம்பந்தம்னா, எர்த் வயர். மாடில எல்லா சாக்கெட்டோட எர்த்தும் ஒண்ணோட ஒண்ணு ஒழுங்கா சேர்ந்திருக்கு, ஆனா அந்த மொத்த கூட்டமும் கீழ போற இடத்துல அறுந்திருக்கு. அப்ப அது எர்த் வயர் இல்ல, ஒரு மெஷினோட கசிவை இன்னொரு மெஷினுக்கு எடுத்துட்டு போற வயர். கிரைண்டர் மோட்டார்ல கசியறது எர்த் பின் வழியா சுவருக்குள்ள ஏறி, ஹால் சாக்கெட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் பாடிக்கு போய், மானிட்டர், எச்டிஎம்ஐ, கன்சோல், அக்கா பையன் கை. மூணு பின் ஒழுங்கா போட்டிருக்கோம், எல்லாம் பத்திரம்னு நினைக்கற வீட்டுல தான் இது நடக்கும்.

மறுநாள் எலக்ட்ரீசியன் அண்ணன் வந்தாரு. நல்ல மனுஷர், இருபது வருஷ அனுபவம், ஆனா வந்ததும் அவர் பையில இருந்து எடுத்தது ஹோல்டர்ல மாட்டின 100 வாட் குண்டு பல்பு. ஒரு வயரை ஃபேஸ்லயும் இன்னொரு வயரை எர்த்லயும் வெச்சு எரியுதான்னு பார்க்கறது நம்ம ஊர்ல எல்லாரும் செய்யற சோதனை. "அண்ணே ஒரு நிமிஷம்"னு நிறுத்தினேன். எர்த் இருக்கற வீட்டுல அந்த சோதனை ஓகே. எர்த் அறுந்து தொங்குற வீட்டுல அந்த பல்பு எரியாது, எரியாதுங்கறதால "எர்த் இல்ல தம்பி"ன்னு சரியாவே சொல்லிடுவார், ஆனா அந்த வயரை அவர் பிடிச்சிருக்கற நேரம் முழுக்க பல்பு இழை வழியா மொத்த மாடி எர்த்லயும் 230 வோல்ட் ஏறி நிக்கும். குளிர்ந்த நிலைல 100 வாட் பல்பு இழையோட ரெசிஸ்டன்ஸ் 40 ஓம் பக்கம் தான், அது ஒரு தடையே இல்ல. அந்த நேரத்துல யாராவது ஃப்ரிட்ஜ் கதவை பிடிச்சிருந்தா? கம்ப்யூட்டர் பாடில பையன் கை வெச்சிருந்தா? அவருக்கு விளக்கி சொன்னேன், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு பல்பை திரும்ப பையில வெச்சுட்டாரு. "இத்தன வருஷமா இப்படித்தான் தம்பி பார்த்துட்டிருக்கேன்"னாரு.

அடுத்து அவர் சொன்ன யோசனை, ஒவ்வொரு சாக்கெட்லயும் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால சேர்த்துட்டா முடிஞ்சுது, செலவும் இல்ல. இதையும் வேண்டாம்னு சொன்னேன். அப்படி சேர்த்தா அந்த நிமிஷம் விறுவிறுப்பு நிக்கும், மீட்டர்லயும் எல்லாம் அழகா காட்டும், ஃபேஸ் எர்த் 230, நியூட்ரல் எர்த் 0. ஆனா என்னைக்காவது நியூட்ரல் வயர் ஒரு இடத்துல லூஸ் ஆனா, ஓடிட்டிருக்கற மெஷின் வழியா 230ம் எல்லா பாடிலயும் வந்து நிக்கும், லைட்டும் ஃபேனும் நிக்கறது தான் முதல் அறிகுறி, அப்ப என்னாச்சுன்னு பார்க்க ஃப்ரிட்ஜை தொடுவோம். கம்பத்துல வேலை பார்த்துட்டு ஃபேஸும் நியூட்ரலும் மாறிப் போச்சுன்னாலும் அதே தான். உங்க வீட்டுல நியூட்ரல் எர்த் சரியா 0.0ன்னு, எவ்வளவு லோடு போட்டாலும் அசையாம நின்னா யாராவது இப்படி சேர்த்து வெச்சிருக்காங்களான்னு சாக்கெட்டை கழட்டி பார்க்க சொல்லுங்க. ஒழுங்கான எர்த்ல அயர்ன் பாக்ஸ் போட்டா கொஞ்சமாவது ஏறும்.

மெயினை அணைச்சுட்டு தேடினோம். படிக்கட்டு திருப்பத்துல பெயிண்ட் அடிச்சு மூடின ஒரு ஜங்ஷன் பாக்ஸ். திறந்தா ஃபேஸும் நியூட்ரலும் ஒழுங்கா கனெக்டர்ல இருக்கு, எர்த் மட்டும் கீழ இருந்து வர்ற ஜிஐ கம்பியும் மேல போற தாமிர கம்பியும் கையால முறுக்கி டேப் சுத்தியிருக்கு. டேப்பை பிரிச்சா உள்ள பச்சைப் பொடியும் வெள்ளைப் பொடியும் தான், ஜிஐ கம்பி அரிச்சுப்போய் முறுக்கல் அப்படியே கைல வந்துடுச்சு. மாடி கட்டினப்ப செஞ்ச ஜாயின்ட், மழைத்தண்ணி ஊறி ஊறி ரெண்டு உலோகமும் ஒண்ணை ஒண்ணு தின்னுருக்கு.

கீழ மெயின் பக்கத்துல இருக்கற எர்த் பட்டைல இருந்து மாடி போர்டு வரைக்கும் ஜாயின்டே இல்லாம புது 2.5 ஸ்கொயர் பச்சை வயர் இழுத்தோம், ரெண்டு முனைலயும் லக் போட்டு இறுக்கினாரு. மெயின் அணைச்ச நிலைல மீட்டர்ல ஓம் பார்த்தா, மீட்டரோட சொந்த வயரையும் சேர்த்து 0.5. இது வயர் ஒழுங்கா சேர்ந்திருக்குன்னு மட்டும் தான் சொல்லும், எர்த் குழி நல்லதா இல்லையான்னு சாதா மீட்டரால அளக்க முடியாது. அண்ணன் தெரிஞ்சவர்கிட்ட எர்த் டெஸ்டர் வாங்கிட்டு வந்து குழியை பார்த்தாரு, 4 ஓம், நல்லா இருக்கு. இது 50, 100 ஓம்னு இருந்தா விறுவிறுப்பு அப்பவும் நின்னுடும், ஏன்னா ஒரு மில்லிஆம்பியருக்கு அது தாராளம், ஆனா உண்மையான ஷார்ட் வந்தா 100 ஓம் வழியா 2.3 ஆம்பியர் தான் போகும், எம்சிபி விழவே விழாது, பாடி அப்படியே உயிரோட நிக்கும். அதுக்காகத் தான் கசிவு வந்தா கரண்டை தானா வெட்டற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வேணும்கறது. எங்களுக்கு அது இல்ல, ஓனர் ஐயா விஷயத்தை கேட்டுட்டு அன்னைக்கே போடச் சொல்லிட்டாரு. அதுல இருக்கற டெஸ்ட் பட்டனை அமுக்கினா டக்குன்னு விழுது, ஆனா அந்த பட்டன் எர்த்தை சோதிக்கறது இல்ல, எர்த்தே இல்லாத வீட்டுலயும் அது விழும். அதே மாதிரி எங்க கிரைண்டர் கசிவு 1.2 மில்லிஆம்பியருக்கெல்லாம் ஆர்சிசிபி அசையாது, அதனால அது விழலங்கறதால மெஷின் நல்லா இருக்குன்னு நினைச்சுடக் கூடாது.

கிரைண்டரை மோட்டார் ரீவைண்டிங் கடைல குடுத்தேன். இன்சுலேஷனை அளக்கற 500 வோல்ட் மெக்கர்ல பார்த்தாங்க, 0.2 மெகா ஓம். ஒரு மெகா ஓமாவது இருக்கணும், நல்ல மோட்டார்னா அதுக்கும் நிறைய மேல இருக்கும். அடியை கழட்டினா, ஸ்விட்ச்ல இருந்து மோட்டாருக்கு ஃபேஸ் வயர் உள்ள நுழையற இடத்துல ரப்பர் வளையம் வெடிச்சிருக்கு, வருஷக்கணக்கா வழிஞ்ச மாவுத்தண்ணி அங்க காய்ஞ்சு பட்டை பட்டையா பாடியோட ஒட்டிக்கிட்டிருக்கு. ஸ்விட்ச் போட்டா தான் அந்த வயருக்கு ஃபேஸ் வரும், அதனால தான் மாவாட்டும்போது மட்டும் ஏறுச்சு. சுத்தம் பண்ணி, வெயில்ல காயவெச்சு, வயரும் வளையமும் மாத்தினப்புறம் 20 மெகா ஓம் தாண்டி காட்டுச்சு. வைண்டிங்ல கை வைக்க வேண்டி வரல.

எல்லாம் திரும்ப மாட்டி, மாடி சாக்கெட்ல ஃபேஸ் எர்த் 228, நியூட்ரல் எர்த் 1.6. எர்த் வயரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரைக்கும் பார்க்கணும்னு அதையும் திறந்தேன், எங்க பாக்ஸ்ல இருந்துச்சு, ஆனா மூணு பின் மாதிரி தெரிஞ்சும் உள்ள ரெண்டே வயர் இருக்கற பாக்ஸ் நிறைய விக்குது, அதுல என்ன மாட்டினாலும் இந்த வேலை எல்லாம் வீண். கன்சோல் பாடில கிரைண்டர் ஓட ஓட அளந்தா 0.3 வோல்ட். ரெசிஸ்டர் போட்டாலும் போடாட்டியும் அதே.

இன்னொரு விஷயம், இதுக்கு முன்னாடி எச்டிஎம்ஐ கேபிளை சொருகும்போது சில சமயம் பொட்டுன்னு ஒரு சின்ன பொறி பார்த்திருக்கேன், அதை கண்டுக்கவே இல்ல. ரெண்டு பாடிக்கும் நடுவுல நூறு வோல்ட் இருக்கும்போது கேபிள் சொருகினா அந்த கெப்பாசிட்டர் கரண்ட் உலோக மூடி வழியா போறதுக்கு பதிலா சிக்னல் பின் வழியா பாஞ்சா போர்ட் செத்துடும். எர்த் சரியான அப்புறமும் நான் இப்ப எல்லா பிளக்கையும் சுவர்ல இருந்து கழட்டிட்டு தான் எச்டிஎம்ஐயை கழட்டுறதும் மாட்டுறதும்.

பையனை கூப்பிட்டு உரசி பார்க்க சொன்னேன், கிரைண்டரை ஓட விட்டு தான். விரல் பின்பக்கத்தை ரெண்டு மூணு தடவை இழுத்து பார்த்தான், "ஒண்ணும் இல்ல மாமா, தகடா தான் இருக்கு"ன்னான். அப்புறம் எல்லாத்தையும் அணைச்சு, எச்டிஎம்ஐயை உருவிட்டு கன்சோலுக்கு மட்டும் கரண்ட் குடுத்து காட்டினேன், ரொம்ப நேரம் தடவிட்டு, "இப்ப லேசா இருக்கா மாதிரி இருக்கு"ன்னான். அது அந்த 0.07. அதுக்கு ரெண்டு பின் வயர் தான், எச்டிஎம்ஐ வழியா மானிட்டரோட எர்த்தை பிடிச்சா மட்டும் தான் அது அடங்கும். மானிட்டரோட மூணு பின்னை ரெண்டு பின் கன்வெர்ட்டர்ல மாட்டக்கூடாதுன்னு அவன்கிட்ட சொல்லி, வீட்டுல இருந்த ரெண்டு கன்வெர்ட்டரையும் எடுத்து குப்பைல போட்டுட்டேன்.